நடுவில் சாய்ந்த தெரு, சுற்றிலும் நேரான தெரு: இது எந்த ஊர்? (அவசரம்)

மார்த்தாண்டம் பிபின்: எங்கள் சங்கத்தில் வாராவாரம் ஒரு செயற்கைக்கோள் படம் போட்டு, எந்த ஊர், எப்படி உருவானது என்று கேட்பார்கள். இன்று ஒன்பது மணிக்குள் சொல்ல வேண்டும். நடுவில் கட்டம் கட்டமாகத் தெருக்கள் சாய்ந்து கிடக்கின்றன, சுற்றிலும் கட்டங்கள் நேராக இருக்கின்றன. எந்த நாடு?

குளச்சல் ஜோ: சந்தேகமே வேண்டாம், லாஸ் ஏஞ்சல்ஸ். ஸ்பெயின்காரர்கள் 1781-ல் போட்ட ஊர். தெரு நான்கு திசைக் காற்றுக்கும் நேராக இருக்கக்கூடாது என்று அவர்களிடம் 1573-லேயே சட்டம் இருந்தது. சாய்ந்திருந்தால் ஸ்பெயின்தான்.

தக்கலை வாத்தியார்: அளவு இல்லை, வடக்கு எது என்று இல்லை, படமும் இல்லை. இதற்குப் பதில் சொல்ல ஜோசியர்தான் வர வேண்டும். கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது தம்பி.

பேச்சிப்பாறை மணி: சாய்ந்திருப்பது பெரிய விஷயமே இல்லை. என் புரையிடமும் இப்படித்தான், பழைய திருவிதாங்கூர் சர்வேயும் இப்போதைய புல வரைபடமும் ஒத்துப்போகவில்லை. தாலுகா ஆபீஸில் மனு கொடுங்கள்.

மார்த்தாண்டம் பிபின்: அண்ணே, அது இல்லை! படத்தை வெளியே போடக்கூடாது என்று விதி. அளவுகோலையும் வெட்டிவிட்டுத்தான் தந்தார்கள். ஒரு ஓரத்தில் விசிறி மாதிரி பச்சையாக ஒரு மைதானம், அதன் மூலையில் செம்மண் சதுரம்.

வேளிமலை: அப்படியென்றால் அளவுகோல் உங்கள் கையில்தான் இருக்கிறது. அது பேஸ்பால் மைதானம். அந்தச் சதுரத்தில் ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு 90 அடி, அதாவது 27.4 மீட்டர். ஒரு காகிதத் துண்டில் அந்த நீளத்தைக் குறித்துக்கொண்டு, சாய்ந்த பகுதியில் ஒரு கட்டம் அதைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். நடைபாதையையும் தார் ரோட்டையும் விட்டுவிடுங்கள். அங்கேதான் எல்லோரும் தப்பு விடுவது.

மார்த்தாண்டம் பிபின்: ஏறக்குறைய நாலரை மடங்கு.

குளச்சல் ஜோ: 120 மீட்டர்! அப்போ பியூனஸ் அயர்ஸ். அங்கே கட்டம் அந்த அளவுதான், நான் பார்த்திருக்கிறேன்.

வேளிமலை: ஜோ, அங்கே நான்கு பக்கமும் கிட்டத்தட்ட அதே அளவு. பிபின், குறுக்கே?

மார்த்தாண்டம் பிபின்: குறுக்கே மூன்று மடங்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் நீளவாக்கில் ஒரு சந்து ஓடுகிறது. பெரிய சதுக்கம் எதுவும் நடுவில் இல்லை. பக்கத்தில் ஓடை ஒன்று போய் ஆற்றில் சேர்கிறது. சாய்வு சரிபாதி, 45 டிகிரி மாதிரி.

வேளிமலை: அமெரிக்காவின் டென்வர் என்று எழுதுங்கள். ஸ்பெயின் ஊர் என்றால் முதலில் ஒரு சதுக்கமும் அதன் ஓரத்தில் தேவாலயமும் வரும், கட்டமும் பெரும்பாலும் சதுரமாக இருக்கும். உங்களிடம் சுமார் 122-க்கு 81, அடிக்கணக்கில் 400-க்கு 266. இந்த 266 தானாக வந்ததில்லை. 125 அடி ஆழத்தில் இரண்டு வரிசை மனை, இடையில் 16 அடிச் சந்து. மனையை விற்கப் போட்ட கணக்கு அது. தங்கம் கிடைத்தது என்று கேள்விப்பட்டு 1858-ல் ஓடி வந்தவர்கள், செர்ரி கிரீக் ஓடையும் ஆறும் போன போக்கில் தெருவை இழுத்தார்கள். பிறகு ஊர் பெருத்தபோது அரசாங்க சர்வேயின் திசைக் கோட்டுக்கு மாறினார்கள். இரண்டும் முட்டுகிற பிராட்வே தெருவில் முக்கோணத் துண்டுகள் நிற்கும், பாருங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் சாய்வு சுமார் 36 டிகிரிதான், அங்கே கட்டமும் நீளம் அதிகம்.

தக்கலை வாத்தியார்: சந்து இருப்பதால் மட்டும் அமெரிக்கா ஆகிவிடாது. கனடாவிலும் உண்டு.

வேளிமலை: உண்டு சார். வெளிப்பகுதியில் ஒரு மைலுக்கு ஒரு பெருஞ்சாலை வருவதும் இரண்டு நாட்டிலும் உண்டு. அதனால்தான் ஓடை, சாய்வு, 266 மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன். ஒன்றை மட்டும் வைத்து நானும் சொல்லமாட்டேன்.

சுசீந்திரம் உமா: கட்டம் போடுவது வெள்ளைக்காரன் வித்தையா என்ன? எங்கள் ரதவீதியை மேலே இருந்து பாருங்கள், நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

தக்கலை வாத்தியார்: அது கட்டம் இல்லையம்மா. கோயிலைச் சுற்றி ஒரு வளையம். மதுரையில் அதுவே அடுக்கடுக்காகப் போகும்.

சுசீந்திரம் உமா: தேர் திரும்ப வேண்டும் என்றால் மூலை செங்கோணமாகத்தானே இருக்க வேண்டும்? அதுவும் திட்டம்தானே சார்.

குளச்சல் ஜோ: நம் மாவட்டத்தில் மற்ற இடமெல்லாம் மேலே இருந்து பார்த்தால் தென்னைமரம்தான். மார்த்தாண்டம் எங்கே முடிகிறது, குழித்துறை எங்கே தொடங்குகிறது என்று யாராவது கோடு போட்டுக் காட்டட்டும்.

மார்த்தாண்டம் பிபின்: டென்வர் சரி. முக்கோணத் துண்டும் இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் என்று எழுதின மூன்று பேருக்கும் பூஜ்யம். நன்றி அண்ணே, கடையில் ஆள் நிற்கிறது.

பேச்சிப்பாறை மணி: அப்போ என் புரையிடம்?