அப்பாவின் நெஞ்சுக்குள் இருந்த ஷாக் மெஷினை நிறுத்தினோம்

ஏற்காட்டுக்காரன்:
அப்பாவுக்கு 71 வயசு. காப்பி எஸ்டேட்ல கணக்கு எழுதினவர். இதயம் பம்ப் பண்ற சக்தி 20 சதவீதம்னு எக்கோவில் வந்தது. எட்டு மாசத்துல நாலு தடவை மூச்சுத்திணறலோட 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துல அட்மிட் பண்ணினோம். ஒவ்வொரு தடவையும் தேறி வருவார், ஆனா முந்தின தடவை இருந்த அளவுக்குத் தேற மாட்டார்.

நாலாவது தடவை டாக்டர்கிட்ட அப்பாவே கேட்டார்: "மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இருப்பேனா?" டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இருக்கலாம்ங்க ஐயா. ஆனா இல்லாமப் போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இந்த நோய் ஆளைப் படிப்படியா கீழே இறக்கும், எந்தப் படியில நிக்கும்னு தேதி சொல்ல முடியாது. அடுத்த தடவை மூச்சு வாங்கினா மறுபடியும் ஐசியூ வேணுமா, வீட்லயே இருக்கணுமான்னு இப்பவே சொல்லிடுங்க." அப்பா வீடுன்னார். அம்மா வெளியே போய் அழுதாங்க.

வீட்ல ராத்திரி படுக்க முடியாது, சாய்வு நாற்காலிதான். குடலும் வீங்கிப் போனதால, நீரை வெளியேத்தற லாசிக்ஸ் மாத்திரை சரியா பிடிக்கல. நர்ஸ் வந்து அதையே ஊசியா போட்ட அன்னிக்கு ராத்திரி காலோட இறுக்கம் குறைஞ்சது. எல்லாம் ஓரளவு சமாளிச்சோம். யாரும் நினைச்சுப் பார்க்காதது, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தோள்பட்டைக்குக் கீழே வச்ச ஐசிடி, இதயம் தாறுமாறா ஓடினா ஷாக் அடிக்கிற மெஷின். ஒரு ராத்திரி அது ரெண்டு தடவை அடிச்சது. நாற்காலியே குலுங்குச்சு. "கழுதை உதைச்ச மாதிரி இருக்குடா, இனி எப்ப அடிக்கும்?"னு கேட்டுக்கிட்டே இருந்தார். விடியும்வரை தூங்கல.

அம்மாபேட்டை மருமகள்:
எங்க மாமியாருக்கும் மூச்சுத்திணறல்தாங்க. மார்ஃபின் எழுதினாங்க. கேன்சருக்குத்தானே அது, கொடுத்தா மூச்சே நின்னுடும்னு நாங்க ஒரு வாரம் கொடுக்கவே இல்ல. அந்த ஒரு வாரம் அவங்க பட்ட பாடு... கொடுத்த பிறகு ரெண்டு நாள்ல இட்லி கேட்டாங்க. ஆனா மலச்சிக்கல் வந்து இன்னொரு அவதி.

வீட்டு நர்ஸ்:
அது பலருக்கு வர்ற பயம்தான். பெரும்பாலும் 10 மில்லிகிராம் மாத்திரையைக் கால்பங்கா உடைச்சு, 2.5ல ஆரம்பிப்போம். கிட்னி தளர்ந்தவங்களுக்கு இடைவெளியைக் கூட்டணும், இல்லன்னா மயக்கமும் கை கால் வெட்டி இழுக்கறதும் வரும். மலமிளக்கியை முதல் நாளே சேர்த்துடணும். டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரா வைங்க, மூச்சு வாங்கற உணர்வு கொஞ்சம் தணியும். மூட்டு வலிக்குன்னு டைக்ளோஃபெனாக் மட்டும் கொடுக்காதீங்க, நீர் கோத்துக்கும்.

கொளத்தூர் மாப்பிள்ளை:
பேஸ்மேக்கரை நிறுத்தினா இதயமே நின்னுடுமே? அது கொலைதானே, கேஸ் ஆகாதா?

வீட்டு நர்ஸ்:
ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்க தம்பி. ஐசிடிக்குள்ள ரெண்டு வேலை உண்டு. மெதுவா துடிச்சா தட்டிக் கொடுக்கறது ஒண்ணு, தாறுமாறா ஓடினா ஷாக் அடிக்கறது இன்னொண்ணு. நிறுத்தறது ஷாக்கை மட்டும்தான். நிறுத்தின உடனே யாரும் சாகறதில்ல. பேஸ்மேக்கரையே நம்பி இதயம் துடிக்கறவங்களுக்கு அதையும் நிறுத்தறதுன்னா, அது வேற பேச்சு. அதுல எனக்கே தெளிவில்ல. சட்டம்னா, 2018லயே சுப்ரீம் கோர்ட் சிகிச்சையை மறுக்கிற உரிமையை ஒத்துக்கிட்டது. முன்கூட்டியே எழுதி வைக்கறதை 2023ல எளிதாக்கினாங்க. ரெண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும்.

ஏற்காட்டுக்காரன்:
எங்களுக்கு யாரும் இதைச் சொல்லல. மெஷினை வைக்கும்போது கையெழுத்து வாங்கினாங்க, நிறுத்தலாம்னு ஒரு வார்த்தை இல்ல. ஷாக் அடிச்ச மறுநாள் அப்பாவைக் கீழே சேலத்துக்குக் கொண்டு போனோம். டாக்டர் அப்பாகிட்டயே கேட்டு எழுதிக்கிட்டார். டெக்னீஷியன் ஒரு கருவியோட வந்து, நெஞ்சு மேல வட்டமா ஒண்ணு வச்சு, திரையில நாலஞ்சு தட்டு தட்டினார். அவ்வளவுதான். அப்பா "முடிஞ்சுதா? வலிக்கவே இல்லையே"ன்னு சிரிச்சார்.

வீட்டு நர்ஸ்:
ராத்திரியில டெக்னீஷியன் கிடைக்கலன்னா வளையம் மாதிரி ஒரு காந்தம் உண்டு, மெஷினுக்கு மேல டேப் போட்டு ஒட்டணும். ஒட்டியிருக்கிற வரை பெரும்பாலான மெஷின்ல ஷாக் அடிக்காது, எடுத்தா திரும்பிடும். காந்தத்துக்கு மசியாதபடி செட் பண்ணினதும் உண்டு, அதனால மலையேறறதுக்கு முன்னாடியே கேட்டுக்கணும்.

ஏற்காட்டுக்காரன்:
பதினோராவது நாள், நாற்காலியிலயே, அம்மா கையைப் பிடிச்சிருக்கும்போது போனார். மெஷின் அடிக்கல. திருவிழாவுக்கு இன்னும் மூணு வாரம் இருந்தது.

அம்மாபேட்டை மருமகள்:
என் மாமனாருக்கும் அதே மெஷின்தான். வயசு 82. பேட்டரி தீர்ந்துடுச்சு, மாத்தணும்னு தேதி கொடுத்திருக்காங்க. மாத்தாம விடலாமான்னு கேட்டா வீட்ல சண்டை வரும்...

ஏற்காட்டுக்காரன்:
சண்டை வரட்டும்ங்க. தேதிக்கு முன்னாடி மாமனார்கிட்டயே கேளுங்க.