நாலு ஜன்னலுக்குத் திரைச்சீலை: என் கணக்கில் 17 மீட்டர், தையல்காரர் 28 கேட்கிறார்

பால்கனிவாசல்:
வணக்கம். நாலு இடத்துக்குத் திரை தைக்கக் கொடுக்கிறேன். இரண்டு ஜன்னல் 120 செ.மீ. அகலம், ஒன்று 180, பால்கனிக் கதவு 240. ஜன்னல் திரைகள் தைத்து முடித்தபின் 150 உயரம், கதவுக்கு 215. ஒவ்வொன்றும் நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் ஒதுங்கும் மாதிரி, மேலே ரிங். துணி 140 செ.மீ. பன்னா, பூ டிசைன், லைனிங்கும் வேண்டும்.

நான் போட்ட கணக்கு இது. அகலத்தை இரண்டு மடங்கு ஆக்கி 140 ஆல் வகுத்தால் ஜன்னல்களுக்கு 6 துண்டு, கதவுக்கு மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. உயரத்தால் பெருக்கினால் பதினாறரை மீட்டர் கூட வரவில்லை, 17 என்று வைத்துக்கொண்டேன். தையல்காரர் அளவெடுத்துப் போய் மேல் துணி 28 மீட்டர், லைனிங்கும் 28 மீட்டர் என்கிறார். கூலி ஒரு பீஸுக்கு 150, லைனிங் வைத்தால் இன்னும் 100. இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? என்னை ஏமாற்றுகிறாரா?

நீலவானம்:
உங்கள் 17தான் சரி. எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே அளவு ஜன்னல்கள், 17 மீட்டர் எடுத்தோம், துண்டு கூட மிஞ்சியது. 28 என்பது அநியாயம், வேறு ஆளைப் பாருங்கள்.

ஊசிநூல்:
அவசரப்பட வேண்டாம். 17 பத்தாது. ஆனால் 28ம் கொஞ்சம் தாராளம்தான்.

முதலில், ஜன்னல் அகலத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, கம்பியின் அகலத்தை வைத்துப் போட வேண்டும். திரையை ஒதுக்கும்போது கண்ணாடியை மறைக்காமல் இருக்கவும் ஓரத்தில் வெளிச்சம் கசியாமல் இருக்கவும் கம்பி இரண்டு பக்கமும் 15 செ.மீ. நீளும். அப்படியானால் உங்கள் அளவுகள் 150, 150, 210, 270.

அடுத்தது, துண்டு முழுசாகத்தான் வெட்ட முடியும். 3.43 துண்டு என்று ஒன்று கிடையாது, மூன்றா நாலா என்று முடிவு செய்ய வேண்டும். அதுவும் மொத்தமாகக் கூட்டி வகுக்காமல் ஜன்னல் ஜன்னலாகப் பார்க்க வேண்டும். உங்கள் தையல்காரரோடு எனக்குக் கருத்து வேறுபாடு வருவது இங்கேதான். 150 கம்பிக்கு இரண்டு மடங்கு 300, அதை 140 ஆல் வகுத்தால் 2.14. அவர் அதை மேலே ஏற்றி 3 ஆக்கியிருக்கிறார். நான் 2 என்பேன். ஒரு பக்கத்துக்கு ஒரு துண்டு, இரண்டு ஓரமும் மடித்தபின் 130 நிற்கும், இரண்டு பக்கமும் சேர்ந்து 260. கம்பி 150 என்பதால் 1.7 மடங்கு துணி இருக்கிறது. ரிங் வைத்த திரைக்கு அது போதும், லைனிங் உள்ளே இருந்தால் துணி தடித்து இன்னும் நிறைவாகத் தெரியும். மூன்று துண்டு போட்டால் இரண்டரை மடங்குக்கு மேலே போகும், ஒதுக்கும்போது மூட்டை மாதிரி ஓரத்தில் நிற்கும். 210க்கு 3 துண்டு, கதவுக்கு 4 துண்டு, இரண்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். ஆக மொத்தம் 11 துண்டு, அவர் கணக்கில் 13.

வெட்டும் உயரமும் 150 இல்லை. மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் சேர்த்து 25 விட்டால் 175, கதவுக்கு 240. பூ டிசைன் என்றீர்களே, அது எத்தனை செ.மீ.க்கு ஒரு தடவை திரும்ப வருகிறது?

பால்கனிவாசல்:
டேப் வைத்துப் பார்த்தேன், 64.

ஊசிநூல்:
அப்போ கணக்கு முடிந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்துத் துண்டில் பூ ஒரே உயரத்தில் நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு துண்டையும் 64ன் மடங்கில் வெட்ட வேண்டும். 175 என்பது 192 ஆகும், 240 என்பது 256 ஆகும். 7 துண்டு 13.44 மீட்டர், கதவின் 4 துண்டு 10.24 மீட்டர், மொத்தம் 23.68. 24 எடுங்கள். அவரது 13 துண்டுக்குப் போட்டால் 27.52 வரும், அதுதான் அவர் சொன்ன 28. ஆள் ஏமாற்றவில்லை, சின்ன ஜன்னல் இரண்டுக்கும் ஒவ்வொரு துண்டு கூடப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் லைனிங்குக்கும் 28 என்றாரே, அதை மட்டும் கேளுங்கள். லைனிங்கில் பூ கிடையாது, எதையும் பொருத்த வேண்டியதில்லை. மேல் துணியின் கீழ் ஓரத்தைவிட இரண்டு மூன்று செ.மீ. மேலேயே நிற்கும், அதனால் 165ம் 230ம் வெட்டினால் போதும். 11 துண்டுக்கு 20.75, சரி 21 மீட்டர். லைனிங்கும் 140 பன்னாவாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. 120 பன்னா என்றால் துண்டு எண்ணிக்கையே மாறிவிடும்.

மழைத்துளி:
காட்டனா? நனைத்துக் காய வைத்துத்தான் வெட்டச் சொல்லுங்கள். நூற்றுக்கு மூன்று சுருங்கினால் கூட 215 உயரத்தில் 6 செ.மீ. போய்விடும். எங்கள் வீட்டில் முதல் சலவைக்குப் பிறகு திரை தரையைத் தொடாமல் கணுக்கால் தெரிய நின்றது.

பால்கனிவாசல்:
பாதி காட்டன், பாதி பாலியெஸ்டர் என்கிறார்கள். மேல் துணியும் லைனிங்கும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் என்ன செய்வது?

மழைத்துளி:
கீழ் ஓரத்தில் லைனிங்கை மேல் துணியோடு சேர்த்துத் தைக்காமல் தனியாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். சேர்த்துத் தைத்தால்தான் இழுத்துச் சுருக்கம் விழும். எனக்குத் தெரிந்த வரை இதுதான், வேறு யாராவது வேறு வழி செய்திருந்தால் சொல்லுங்கள்.

நீலவானம்:
இப்போதுதான் பில்லை எடுத்துப் பார்த்தேன், எங்கள் துணி 280 பன்னா.

ஊசிநூல்:
அதானே பார்த்தேன். 280 துணியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டால் பன்னாவே உயரமாகிவிடும், நீளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம், ஜாயின்டே வராது. இவருக்குக் கம்பிகள் மொத்தம் 780, இரண்டு மடங்கு 15.6 மீட்டர், எட்டுத் திரைக்கும் ஓர மடிப்பு சேர்த்தால் 16.4. உங்கள் 17 அப்படி வந்ததுதான். ஆனால் ஜன்னல் திரைக்கு 175 போக ஒரு மீட்டருக்கு மேல் வீண். மீட்டர் விலை 140 துணியைப் போல 1.4 மடங்குக்குள் இருந்தால்தான் லாபம். டிசைனும் படுத்துத் தெரியக் கூடாது, வாங்கும் முன் விரித்துப் பாருங்கள்.

பால்கனிவாசல்:
நான் 140ஐத்தான் முடிவு செய்துவிட்டேன். கூலிக்கு வருகிறேன். எட்டுத் திரை, ஒரு பீஸுக்கு லைனிங்கோடு 250, அப்படியானால் 2000தானே?

ஊசிநூல்:
அவர் பீஸ் என்று எதைச் சொல்கிறார் என்று கேட்டீர்களா? சிலர் தைத்து முடிந்த ஒரு திரையைச் சொல்வார்கள், பலர் வெட்டிய ஒவ்வொரு துண்டையும் சொல்வார்கள். துண்டுக் கணக்கென்றால் 11க்கு 2750, அவருடைய 13க்கு 3250. ரிங் அதில் அடக்கமா, பூ பொருத்தித் தைக்கத் தனிக் கூலியா என்பதையும் சேர்த்தே கேட்டு எழுதி வாங்குங்கள்.

மழைத்துளி:
1.7 மடங்கு எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. மூடும்போது திரை நேராக விரிந்து பலகை மாதிரி நிற்காதா?

ஊசிநூல்:
ரிங் என்பதால் சொன்னேன். மேலே மடிப்பு வைத்துத் தைப்பதாக இருந்தால் நானும் மூன்று துண்டுதான் போடுவேன். துணி மெல்லியதா தடித்ததா என்று கையில் பிடித்துப் பார்க்காமல் இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

பால்கனிவாசல்:
நடுத்தரம். ஜன்னலுக்கு இரண்டு துண்டு, மேல் துணி 24, லைனிங் 21 என்று நாளை அவரிடம் பேசுகிறேன். பீஸ் விஷயத்தைத்தான் முதலில் கேட்பேன்.