அமெரிக்க விசா போட்டோ: ஸ்டுடியோ படம் ஏறவில்லை, வீட்டில் எடுத்ததில் நிழல். உதவுங்கள்

வேலந்தாவளம்காரன்:
அம்மாவுக்கு அமெரிக்க விசா போடுகிறோம். தங்கச்சிக்குப் பிரசவம். DS-160 படிவத்தில் போட்டோ ஏற்றும் இடத்தில் இரண்டு நாளாக நின்று கொண்டிருக்கிறேன். பக்கத்து ஊர் ஸ்டுடியோவில் எடுத்த படம் தேறவில்லை என்று வருகிறது. ஸ்டுடியோக்காரரோ, பத்து வருஷமாக இப்படித்தான் வெட்டிக் கொடுக்கிறேன், யாரும் திரும்பி வந்ததில்லை என்கிறார்.

சரி என்று திண்ணைச் சுவரில் அம்மாவைச் சாய்த்து உட்கார வைத்து, போனில் ஃபிளாஷ் போட்டு நானே எடுத்தேன். இப்போது வலது காதுக்குப் பின்னால் கறுப்பாக நிழல். முகமும் ஒரு மாதிரி உப்பித் தெரிகிறது. எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

மீனாட்சிபுரம் அக்கா:
பாஸ்போர்ட்டுக்குப் போட்டோவே கொண்டு போக வேண்டாமே தம்பி? அங்கேயே உட்கார வைத்து எடுத்துவிடுவார்கள். நாலு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத்தான் கையில் கொண்டு போகணும். என் பேத்திக்கு எடுக்கப் போய், அவள் கண்ணைத் திறந்தால் வாயைத் திறக்கிறாள், வாயை மூடினால் கண்ணை மூடுகிறாள். ஒரு மத்தியானமே போயிற்று.

வேலந்தாவளம்காரன்:
பாஸ்போர்ட் இல்லை அக்கா, விசா. பாஸ்போர்ட் கையில் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை பையன்:
அண்ணா, முகம் சின்னதாக இருக்கும். படத்தில் 80 சதவீதம் முகம் இருக்கணும், அதுதான் ரூல். நிழலுக்கு ஒரு ஆப் இருக்கிறது, பின்னணியை அழித்து வெள்ளை போட்டுவிடும். ரெண்டே நிமிஷம்.

பழைய ஸ்டுடியோ:
பொள்ளாச்சியில் இருபது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். தம்பி சொன்ன 80 கணக்கு பொய்யில்லை, ஆனால் அது நம் ஊர் பாஸ்போர்ட்டுக்கு. வெளிநாட்டில் இருக்கும் நம் தூதரகங்கள் இப்போது 80 முதல் 85 வரை கேட்கின்றன. ஐரோப்பா விசாவும் 70-80 என்று நெருக்கமாகத்தான் கேட்கும். அமெரிக்கா வேறு. படம் இரண்டுக்கு இரண்டு அங்குலச் சதுரம். உச்சி முடியிலிருந்து தாடை அடி வரை 50 முதல் 69 சதவீதம்தான் இருக்கலாம்.

ஸ்டுடியோ கொடுத்த பிரிண்டில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 25 மில்லிமீட்டருக்கும் 35க்கும் நடுவே வரணும். எத்தனை வருகிறது?

வேலந்தாவளம்காரன்:
41 வருகிறதுங்கண்ணா.

பழைய ஸ்டுடியோ:
அதுதான் விஷயம். 51 மில்லிமீட்டரில் 41 என்றால் 80 சதவீதம். பாஸ்போர்ட் வெட்டுகிற கை அப்படியே விசாவையும் வெட்டியிருக்கிறது. வெட்டாத மூலப் படம் அவரிடம் இருந்தால் வாங்குங்கள், அகலமாக வெட்டிக்கொள்ளலாம்.

வேலந்தாவளம்காரன்:
கேட்டேன், அழித்துவிட்டாராம். கடைசியில் இன்னொன்றும் சொன்னார்: அம்மா செட்டுமுண்டு உடுத்தியிருந்தார், அதனால் பின்னணியைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டினாராம்.

பழைய ஸ்டுடியோ:
அப்படியானால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். வெள்ளைத் திரைக்கு முன் வெளிர்நிறச் சேலை என்றால் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஆளை வெட்டி ஒட்டினால் காதோரமும் நரைமுடியும் கத்தரித்த மாதிரி நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். படத்தைத் திருத்தக் கூடாது என்பது அவர்கள் விதி. தம்பி சொன்ன ஆப்பும் அதே வேலைதான்.

இனி உங்கள் வீட்டுப் படம். சுவரில் சாய்ந்தால் நிழல் விழ வேறு இடமில்லை, காதுக்குப் பின்னாலேயே விழும். நாற்காலியைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் போடுங்கள். அப்புறம் ஃபிளாஷை அணைத்துவிட்டு, திறந்த வாசலைப் பார்த்து அம்மாவை உட்கார வையுங்கள். நேர் வெயில் வேண்டாம், காலை ஒன்பது மணி வாக்கில் வாசலில் வரும் வெளிச்சம் போதும். முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் இருக்கும்.

முகம் உப்பியது, போனைக் கிட்டே கொண்டு போனதால். அஞ்சடி தள்ளி நின்று, கண் உயரத்தில் போனைப் பிடித்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். திரையில் முகத்தின் மேல் தொட்டுவிட்டு எடுக்கணும். இல்லாவிட்டால் சுற்றிலும் இருக்கும் வெள்ளையைப் பார்த்துப் போன் எல்லாவற்றையும் மங்கலாக்கும், முகம் கறுத்துப் போகும்.

வீட்டில் தரை என்ன? சிவப்பு ரெட் ஆக்ஸைடா?

வேலந்தாவளம்காரன்:
ஆமாங்கண்ணா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பழைய ஸ்டுடியோ:
உங்கள் பக்கத்துப் பழைய வீடெல்லாம் அப்படித்தானே. அந்தச் சிவப்பு தாடைக்குக் கீழே ஏறும். அம்மா மடியிலும் காலடியிலும் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள். சிவப்பும் போகும், தாடைக்கடி நிழலும் குறையும்.

கொழிஞ்சாம்பாறை பையன்:
எங்க மச்சான் அந்த ஆப்பில் செய்ததுதான் ஏற்றினார், ஓகே ஆச்சு.

பழைய ஸ்டுடியோ:
ஏறியிருக்கும் தம்பி. ஆனால் ஏறியது வேறு, இன்டர்வியூவில் அதிகாரி ஒத்துக்கொள்வது வேறு. அங்கே வேறு படம் கேட்டால் வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு யார் அலைவது?

வேலந்தாவளம்காரன்:
இன்று காலை எடுத்தோம். மாம்பழ நிறச் சேலை, பின்னால் வெள்ளைப் பெட்ஷீட். நிழல் சுத்தமாக இல்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றியதும் அம்மா கண்ணைச் சுருக்கித் தாடையைத் தூக்கிவிடுகிறார். கண்ணாடி போட்டுக்கொள்ளலாமா? இன்னொன்று, எடுக்கும்போதெல்லாம் சிரிப்பு.

பழைய ஸ்டுடியோ:
கண்ணாடி கூடாது. 2016 நவம்பரிலிருந்து அமெரிக்க விசா படத்தில் நிறுத்திவிட்டார்கள். கழற்றி அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார வையுங்கள், கண் பழகும். உங்கள் நெற்றியைப் பார்க்கச் சொல்லாதீர்கள், அதனால்தான் தாடை ஏறுகிறது. லென்ஸுக்கு நேரே பார்க்கச் சொல்லுங்கள். சிரிப்புக்கு ஒரு வழி: மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லி, விட்டு முடிக்கும் நேரத்தில் எடுங்கள். வாய் தானாக மூடி, முகம் சாதாரணமாக நிற்கும்.

வேலந்தாவளம்காரன்:
மூச்சு வித்தை வேலை செய்தது. இப்போது போன் படத்தில் உச்சியிலிருந்து தாடை வரை 1140 பிக்ஸல். எப்படி வெட்ட?

பழைய ஸ்டுடியோ:
தலை 60 சதவீதம் வரட்டும். 1140ஐ 0.6ஆல் வகுத்தால் 1900. ஆக 1900க்கு 1900 சதுரம். கண் கீழிருந்து 56க்கும் 69க்கும் நடுவே இருக்கணும். 62 வைத்தால் கீழ் விளிம்பிலிருந்து சுமார் 1180. அப்படி வெட்டி 600க்கு 600 ஆகச் சுருக்குங்கள். கோப்பு 240 கேபிக்கு மேல் போகக் கூடாது.

வேலந்தாவளம்காரன்:
Test Photo கொடுத்துப் பார்த்தேன், தேறிவிட்டது! படிவத்திலும் ஏறியது. ஒரே குறை, மூக்குத்தியில் வெள்ளைப் புள்ளியாக ஒரு மினுக்கு. கழற்ற மாட்டேன் என்கிறார் அம்மா.

மீனாட்சிபுரம் அக்கா:
கழற்றச் சொல்லாதே தம்பி. என் நாத்தனார் மூக்குத்தியோடுதான் போய் வந்தாள்.

பழைய ஸ்டுடியோ:
முகத்தை மறைக்காத நகையால் பொதுவாகத் தொந்தரவு இல்லை. நானாக இருந்தால் நாற்காலியை அரை அடி திருப்பிப் போட்டு மினுக்கு இல்லாமல் ஒன்று எடுத்து, இரண்டுக்கு இரண்டில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்து அனுப்புவேன்.

வேலந்தாவளம்காரன்:
நாளைக்கு மழை இல்லாவிட்டால் எடுத்துப் பார்க்கிறேன்.