எரிபந்தத்தைக் கபிலப்புள்ளி எண்டு சொல்லுது. வெட்டுறதுதான் பிழையோ?

வட்டக்கச்சி வயல்:
படம் பார்த்து நோய் சொல்லுற மொடல் ஒண்டைக் கணினியில போட்டு, காலபோக வயலில எடுத்த படங்களைக் குடுத்தன். எரிபந்தம் பிடிச்ச நெல் இலையைக் கபிலப்புள்ளி நோய் எண்டு சொல்லுது. படத்தை 16க்கு 16 சதுரமா வெட்டித்தான் பார்க்குமாம். வெட்டேக்க புள்ளி சிதறிப் போகுதோ?

மாங்குளம்77:
அதேதான். புள்ளி வெட்டுக்கோட்டில விழுந்தா பாதி இஞ்ச, பாதி அங்க. மெஷினுக்கு முழுப்புள்ளி தெரியவே தெரியாது.

பாலைமரத்தடி:
மாங்குளம் தம்பி, வெட்டினதால மட்டும் ஒண்டும் காணாமல் போகாது. 224க்கு 224 பிக்சல் படத்தில குறுக்க 14, நெடுக்க 14, மொத்தம் 196 துண்டு. ஒரு துண்டில 256 பிக்சல். ஒவ்வொண்டுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் எண்டு மூண்டு எண். எல்லாத்தையும் ஒரே வரிசையில அடுக்கினா 768 எண். அதை மொடல் பழகி வச்சிருக்கிற ஒரு பெரிய அட்டவணையால பெருக்கும். 2020இல வந்த, இப்பிடித் துண்டாக்கிப் பார்க்கிற விஷன் ட்ரான்ஸ்ஃபோமர் மொடலின்ர பேஸ் அளவில வெளிய வாறதும் 768தான். பிறகு எந்த இடத்துத் துண்டு எண்டதுக்கு இன்னொரு வரிசை எண்ணைக் கூட்டும். அது இல்லாட்டி 196 துண்டையும் சீட்டுக்கட்டு மாதிரிக் குலைச்சாலும் அதுக்கு ஒரே படந்தான்.

அதுக்குப் பிறகு துண்டுகள் ஒண்டை ஒண்டு பார்க்கும். பிரிஞ்ச பாதிகள் அங்க சேரும்.

வயல்காரத் தம்பி, ஃபோனில படம் எத்தினை பிக்சல்? புள்ளி எவ்வளவு நீளம்?

வட்டக்கச்சி வயல்:
4000க்கு 3000. பெருப்பிச்சு எண்ணினன் அண்ணை, புள்ளி நீளம் 40, அகலம் 12.

முள்ளியவளை மச்சான்:
வட்ஸ்அப்பில அனுப்பினனீரோ? எங்கட அப்பாவின்ர பழைய படத்தை அனுப்பி முகமெல்லாம் கட்டங்கட்டமாப் போச்சு. அதுவும் இந்த வெட்டுத்தானே?

பாலைமரத்தடி:
இல்லை மச்சான். அது ஜேபெக், 8க்கு 8 கட்டத்தில நுணுக்கத்தைக் கழிச்சுக் கோப்பைச் சின்னனாக்கிறது. வேற அலுவல். ஆனா வட்ஸ்அப் படத்தின்ர அளவையும் குறைக்கும், அதால உங்கட கேள்வி முழுக்கப் பிழையுமில்லை.

இப்ப கணக்கைப் பாருங்கோ. நடுவில 3000க்கு 3000 எடுத்து மொடல் பார்க்கிற 224க்குச் சுருக்கினா 13.4 மடங்கு குறையுது. 40 நீளப் புள்ளி 3 பிக்சல். 12 அகலம் ஒரு பிக்சலும் இல்லை. எரிபந்தப் புள்ளியை நாங்கள் எப்பிடிக் கண்டுபிடிக்கிறம்? ரெண்டு பக்கமும் கூர், நடுவில சாம்பல், ஓரத்தில கபிலம். ஒரு பிக்சல் அகலத்தில சாம்பலும் கபிலமும் கலந்து மங்கல் கபிலமாத்தான் நிக்கும். கூர் எங்க தெரியும்? கத்தி வைக்க முதலே புள்ளி போயிட்டுது.

மாங்குளம்77:
சரி, சுருக்கிறது பெரிய பிழை. ஆனா கோட்டுக்கு ஒரு பங்கும் இல்லை எண்டு சொல்லாதேங்கோ. அதே படத்தை 8 பிக்சல் பக்கத்தில தள்ளிக் குடுத்துப் பாருங்கோ, மொடல் சொல்லுற சதவீதம் ஆடும். நான் பார்த்தனான்.

பாலைமரத்தடி:
ஆடும், ஒத்துக்கொள்ளுறன். பழகேக்க தள்ளித் தள்ளிக் காட்டினா குறையும், முழுக்க நிக்காது. 8க்கு 8 ஆ வெட்டலாம்தான், ஆனா துண்டு 784 ஆகும். துண்டோட துண்டு ஒப்பிடுற வேலை நாலு மடங்கில்லை, 16 மடங்கு. அதுவும் சுருக்கின படத்தை வெட்டுறதெண்டா அந்த மூண்டு பிக்சல் மூண்டாத்தான் இருக்கும்.

சுருக்காமல் மூலப்படத்தையே 224 சதுரமாப் பிரிச்சு ஒவ்வொண்டாக் குடுங்கோ. பக்கத்துச் சதுரங்கள் கொஞ்சம் ஒண்டில ஒண்டு ஏறி நிக்கோணும், இல்லாட்டி மாங்குளம் சொன்ன கோடு திரும்ப வரும்.

வட்டக்கச்சி வயல்:
இரவு முழுக்க ஓட்டினன். இலை இருக்கிற சதுரங்களில கனக்க எரிபந்தம் எண்டு சரியாச் சொல்லுது. ஆனா ஒரு சதுரத்தில வெறும் சேறு, வரம்பு மட்டும். அதுக்கும் எரிபந்தம், 71 சதவீதம்!

மாங்குளம்77:
பாத்தீங்களோ!

பாலைமரத்தடி:
உந்த மொடல் சொல்லக்கூடிய விடைப்பேர் எத்தினை? நாலு நோயும் நல்ல இலையும் எண்டா, சேத்துக்கும் அந்த அஞ்சில ஒண்டைத்தான் சொல்லும். எல்லாம் சேர்ந்து நூறாகோணுமெல்லோ. இலை இல்லாத படங்களை ஆறாவது பேராப் போட்டுப் பழக்கலாம். இன்னொரு சந்தேகமும் இருக்கு: அது பழகினது இலையைக் கிட்ட எடுத்த படங்களில எண்டா, உங்கட சதுரத்தில இருக்கிற புள்ளி அதுக்குப் பழக்கமான அளவோ? பழக்கின படங்கள் இருந்தா ரெண்டு மூண்டைப் போட்டு விடுங்கோ, புள்ளியை அளந்து பார்ப்பம்.

முள்ளியவளை மச்சான்:
அப்ப அப்பாவின்ர முகம்?