இரண்டாம் படத்திலிருந்து முகப்பை ஒட்டும்போது கோடு விலகுகிறது: உதவி தேவை

அஸ்தம்பட்டி:
என் தாத்தா கணக்கெழுதிய ஏற்காட்டுக் காப்பித் தோட்டப் பங்களாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்து, முகப்பின் வலப்பக்க ஜன்னலும் அதன் மேலிருந்த தகரச் சன்ஷேடும் படத்தில் அழிந்துவிட்டன. பங்களா இன்றும் மாறாமல் நிற்பதால், சென்ற மாதம் நல்ல வெயிலில் கைபேசியால் அதை எடுத்துவந்து, போட்டோஷாப்பின் குளோன் ஸ்டாம்ப் கருவியால் புதிய படத்தில் Alt அழுத்திச் சொடுக்கி, பழைய படத்தில் பூசினேன். முதலில் கருவி மறுத்தது. புதிய படத்தையும் Image > Mode > Grayscale மூலம் மாற்றிய பிறகே இணங்கியது. ஆனால் ஜன்னலின் இடது மூலையில் பொருந்தும் மேல்விளிம்பு, வலப்பக்கத் தூணை எட்டுவதற்குள் 9 பிக்சல் மேலேறிவிடுகிறது. தவறு எங்கே?

குகை:
அளவுதான் காரணம். கெடாத இடது ஜன்னலின் அகலத்தை இரு படங்களிலும் அளந்து, Clone Source பலகத்தில் W, H இரண்டிலும் அந்த விகிதத்தைக் கொடுங்கள். சாய்வு மீந்தால் அங்கேயே கோணத்தையும் திருத்தலாம்.

அஸ்தம்பட்டி:
பழையதில் 412 பிக்சல், புதியதில் 1030. ஆகவே 40 சதவீதம் கொடுத்தேன், அளவு சரியாகிவிட்டது. கோணத்தைத் திருப்பினால் மேல்விளிம்பு படிகிறது, ஜன்னலின் அடிவிளிம்பு முன்னைவிடக் கீழே இறங்குகிறது.

செவ்வாய்ப்பேட்டை:
பழைய பங்களா என்றால் சுவர் சுண்ணாம்புப் பூச்சாக இருக்கும். உடைந்த பகுதியில் சிமென்ட் பூசிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பூசியது இரண்டே மழையில் பெயர்ந்து விழுந்தது.

அஸ்தம்பட்டி:
ஐயா, சுவர் நன்றாகவே இருக்கிறது. கெட்டிருப்பது படம் மட்டுமே.

சூரமங்கலம் ஸ்டூடியோ:
மேல்விளிம்பும் அடிவிளிம்பும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் கோணத்தைத் திருப்பியே சரிசெய்திருக்கலாம். உங்களுக்கு ஒன்று ஏறி மற்றொன்று இறங்குகிறது. அதாவது, பழைய படத்தை எடுத்தவரைவிட நீங்கள் வேறொரு பக்கம் தள்ளி நின்றிருக்கிறீர்கள். குகை நண்பர் சொன்ன பலகம் அளவையும் கோணத்தையும் மாற்றுமே தவிர, இந்த விரிவை மாற்றாது.

எனவே, தூரிகையைத் தொடுமுன் புதிய படம் முழுவதையும் பழையதன் மேல் தனி லேயராக வைத்து, Opacity அளவைப் பாதியாகக் குறைத்து, Edit > Transform > Distort மூலம் நான்கு மூலைகளையும் இழுத்துப் பொருத்துங்கள். பொருத்தும் நான்கு புள்ளிகளும் சுவரின் மட்டத்திலேயே இருக்க வேண்டும்; தூணையோ சன்ஷேடையோ பிடித்தால் எல்லாம் கெடும். பிறகு Opacity அளவை மீண்டும் முழுமையாக்கி, லேயரை Difference நிலைக்கு மாற்றிப் பாருங்கள். ஒத்துப்போன விளிம்புகள் இருளில் மறையும், விலகியவை இரட்டைக் கோடுகளாக மின்னும். சரியானதும் நிலையை Normal என்று மாற்றி, மாஸ்க் போட்டு ஜன்னலை மட்டும் காட்டுங்கள்.

அஸ்தம்பட்டி:
சுவர் மறைந்துவிட்டது, ஐயா. சன்ஷேடு மட்டும் இரட்டையாக மின்னுகிறது. அதன் அடிப்பக்கக் கருநிழலும் பழைய படத்தோடு ஒட்டவில்லை.

சூரமங்கலம் ஸ்டூடியோ:
அப்படித்தான் வரும். சுவரிலிருந்து முன்னே நீண்டிருப்பதை எந்த இழுப்பும் சரிசெய்யாது, ஏனெனில் நின்ற இடம் மாறினால் அது சுவரின் வேறொரு பகுதியை மறைக்கிறது. நிழலையும் அழிப்பது வீண் வேலை. பழைய படம் பனிமூட்டத்தில் எடுத்ததுபோலத் தெரிகிறது, தூண்களுக்கு நிழலே இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இன்னொரு முறை ஏறுவதுதான் வழி, மூட்டமான காலையாகப் பார்த்துப் போங்கள். பழைய படத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, வராந்தாத் தூண் பின்னாலுள்ள கதவை எவ்வளவு மறைக்கிறதோ அதே அளவு மறைக்கும் இடம்வரை நகருங்கள். ஜூம் எவ்வளவு என்பது முக்கியமில்லை, நிற்கும் இடமே முக்கியம்.

குகை:
இடது சன்ஷேடையே புரட்டி வலப்பக்கம் வைத்தால் போதாதா? மூட்டம் என்பதால் நிழலும் காட்டிக்கொடுக்காது.

சூரமங்கலம் ஸ்டூடியோ:
நிழலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் படம் நேர்முகமாக எடுக்கப்பட்டதன்று. இடது சன்ஷேடின் உட்பக்கம் தெரியும் அளவுக்கு வலதின் உட்பக்கம் தெரியாது.

அஸ்தம்பட்டி:
ஞாயிறன்று போய்வந்தேன். தூணும் கதவும் ஒத்துவரும் இடத்தில் இப்போது மதில் எழுந்திருப்பதால், இரண்டு அடி இடப்பக்கமே நிற்க முடிந்தது. இருந்தும் Difference நிலையில் சன்ஷேடின் விலகல் 2 பிக்சலாகக் குறைந்துவிட்டது. நிழல் தொல்லையும் இல்லை. ஒட்டிய ஜன்னல் மட்டும் சுற்றியுள்ள சுவரைவிட வழுவழுப்பாகத் தெரிகிறது.

சூரமங்கலம் ஸ்டூடியோ:
40 சதவீதமாகச் சுருக்கியதில் ஒட்டுக்கு மணிகளே இல்லாமல் போயிருக்கும், பழைய படத்தில் மணிகள் உண்டு. ஒட்டு லேயரை மிக இலேசாக மங்கலாக்கிய பிறகு Filter > Noise > Add Noise கொடுங்கள். முதலில் மணி தூவிவிட்டுப் பிறகு மங்கலாக்கினால் மணியும் கரைந்துவிடும். முழு அளவில் வைத்தே ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த 2 பிக்சலை நான் விட்டுவிடுவேன்.

குகை:
நான் விடமாட்டேன். சன்ஷேடை மட்டும் வேறொரு லேயராக வெட்டித் தனியே இழுத்துப் பாருங்கள்.