விதி ஒன்றுதான், முடிவு மட்டும் ஏன் கவுண்டருக்குக் கவுண்டர் மாறுகிறது?

முல்லைக்கொடி: ஒரே உதவித்தொகை, ஒரே விதி. ஒரு அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறார்கள், பக்கத்து அலுவலகத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். எழுத்தர் கையில் இருக்கும் முடிவை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் இணையவழி ஆக்கினால் இது தீருமா?

பைட்ராஜா: கண்டிப்பாகத் தீரும். ஆளைப் பார்த்து முடிவெடுப்பதால்தான் இந்தக் கோளாறு. கணினிக்கு முகம் தெரியாது.

செங்காந்தள்: லஞ்சத்தைச் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். காசு கொடுத்தால் வாங்குவார்கள், கொடுக்காவிட்டால் திருப்புவார்கள். அவ்வளவுதான்.

கோப்புக்கட்டு: செங்காந்தள், கேள்வி லஞ்சத்தைப் பற்றியது இல்லைங்க. கை சுத்தமான அலுவலகத்திலும் இந்த வித்தியாசம் இருக்கும். ஒரு கவுண்டரை எடுத்துக்கொள்வோம். 4 மணி நேரம் திறந்திருக்கிறது, வரிசையில் 60 பேர், ஆளுக்கு 4 நிமிடம். ஒருவருடைய விண்ணப்பத்தில் பெயருக்கு முன் முதலெழுத்து மட்டும். சான்றிதழில் அதுவே முழுப் பெயராக இருக்கிறது. ‘அடையாளம் திருப்திகரமாக நிறுவப்பட வேண்டும்’ என்கிறது விதி. எது திருப்தி என்பதை எழுத்தர்தான் சொல்லியாக வேண்டும்.

பிறந்த தேதி, முகவரி, பெற்றோர் பெயர் எல்லாம் பொருந்துகிறதா என்று ஒப்பிட்டு ஏற்றுக்கொள்ளலாம். அதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். பதிவு செய்து எண் கொடுத்துவிட்டுக் குறையை எழுத்தில் கேட்கலாம். அப்படிச் செய்தால் கெடு ஓடத் தொடங்கும், எழுத்தர் பெயரில் ஒரு நிலுவைக் கோப்பு ஏறும். அல்லது “பேரைத் திருத்திட்டு வாங்க” என்று சொல்லலாம். அரை நிமிடம்தான், எந்தப் பதிவேட்டிலும் வராது.

மேலதிகாரிக்குப் போகும் அறிக்கையில் ‘கெடுவுக்குள் முடிந்த கோப்புகள்’ என்ற ஒரே கட்டம் இருந்தால், மூன்றாவது வழியில் போகிறவருக்குத்தான் நல்ல பெயர். அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980-இல் சொன்னதே இதுதான்: நெருக்கடியைச் சமாளிக்க ஊழியர்கள் பழகிக்கொள்ளும் இந்த வழிகள்தான் கடைசியில் மக்களுக்குக் கிடைக்கும் கொள்கை.

பைட்ராஜா: அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே? இணையத்தில் போட்டால் அந்த நொடியே எண் விழுந்துவிடும். வாய்மொழியாகத் திருப்பி அனுப்ப முடியாது.

கோப்புக்கட்டு: எண் விழும் வரைக்கும் சரி. ஆனால் கட்டாயக் கட்டம் ஒன்றில் ஆவணம் ஏற்றாவிட்டால் ‘சமர்ப்பி’ பொத்தானே வேலை செய்யாது என்று வையுங்கள். அதுவும் பதிவில்லாத திருப்பல்தான். முடிவு படிவத்தை வடிவமைத்தவர் கைக்குப் போய்விட்டது. கவுண்டரிலாவது வாதாட ஓர் ஆள் எதிரில் இருப்பார்.

அதிகமாக வாங்கிய உதவித்தொகையைக் கணினியே கணக்கிட்டுத் திரும்பக் கேட்ட திட்டம், ஆஸ்திரேலியாவின் ரோபோடெட்டைப் பாருங்கள். ஒருவர் ஆண்டின் 13 இருவாரங்களில் தலா 1,000 டாலர் சம்பாதித்தார். மீதி 13 இருவாரங்களில் வேலையில்லாமல் உதவித்தொகை வாங்கினார், வருமானம் சுழியம் என்று சரியாகவே சொன்னார். வரித்துறைக் கணக்கில் அவருடைய ஆண்டு வருமானம் 13,000. கணினி அதை 26-ஆல் வகுத்தது. எல்லா இருவாரத்துக்கும் 500 என்று வந்ததும், வேலையில்லாத காலத்திலும் 500 வீதம் மறைத்தார் என்று முடிவுகட்டி, கடன் கேட்டுக் கடிதம் அனுப்பியது. முன்பு இப்படி முரண்பாடு வந்தால் ஊழியர் முதலாளியிடம் சம்பள விவரம் கேட்டுச் சரிபார்ப்பார். அந்தப் படியைத் தூக்கிவிட்டு, நிரூபிக்கும் சுமையைக் குடிமக்கள் தலையில் வைத்தார்கள். 2019-இல் நீதிமன்றத்தில் அது சட்டப்படி செல்லாது என்றானது. 2023-இல் அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கையும் வந்தது.

வெண்ணிலா_களப்பணி: ஊழியரை ரொம்பத்தான் உயர்த்திப் பேசுகிறீர்கள் சார். தடுப்பூசிக்காக வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரைப் பாருங்கள். இலக்கு ‘இத்தனை வீடு’ என்றிருந்தால், சாலையோர வீடுகளிலேயே எண்ணிக்கை முடிந்துவிடும். கதவு பூட்டியிருக்கும் வீடு, முதல்முறை மறுத்த தாய், தள்ளியிருக்கும் குடியிருப்பு எல்லாம் விடுபடும். தடுப்பூசி யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் அங்கே இருப்பார்கள். இதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

கோப்புக்கட்டு: நியாயப்படுத்தவில்லைங்க. எண்ணுவதை மாற்றச் சொல்கிறேன். போன வீடுகளை விட்டுவிட்டு, பட்டியலில் விடுபட்ட வீடுகளையும் காரணத்தையும் கேளுங்கள். கவுண்டரிலும் அப்படித்தான்: 60 டோக்கன், 35 பதிவு என்றால் நடுவில் 25 பேர் எங்கே போனார்கள்? திருப்பி அனுப்பும்போது காரணத்தை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அலுவலகத்துக்கு அலுவலகம் எந்தக் காரணம் மாறுகிறது என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

வெண்ணிலா_களப்பணி: அந்தச் சீட்டு எழுதவும் 2 நிமிடம் ஆகும். உங்கள் கணக்கே ஆளுக்கு 4 நிமிடம்தான். கூடுதல் ஆள் போடாமல் இதைத் திணித்தால் டோக்கனையே 40-உடன் நிறுத்திவிடுவார்கள். அப்போது வாசலோடு திரும்புகிறவர்கள் உங்கள் கணக்கில் எங்கும் வர மாட்டார்கள்.

முல்லைக்கொடி: அச்சடித்த காரணப் பட்டியலில் டிக் மட்டும் போடச் சொன்னால் நேரம் மிச்சமாகாதா?

கோப்புக்கட்டு: ஆகும், ஆனால் ‘இதர’ என்ற கட்டம் வைக்காதீர்கள். வைத்தால் எல்லா டிக்கும் அதில்தான் விழும். டோக்கன் விஷயத்தில் வெண்ணிலா சொல்வதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இரண்டாவது ஆள் இல்லாமல் அது சரியாகாது.