9 பேப்பர் விலக்கு என்றால் 9 பேப்பர் முடிந்த மாதிரியா? ஏசிசிஏ, சீமா, சிஏ

வாவிக்கரை:
வந்தாறுமூலைக் கம்பஸில் வணிகமாணி முடித்து இரண்டு வருடம். இப்போது கல்லடியில் ஒரு லீசிங் கம்பனியின் கிளையில் கணக்குப் பகுதியில் வேலை. ஒரு வகுப்பில் ஏசிசிஏ என்ற பிரித்தானியக் கணக்காளர் தகுதி பற்றி விசாரித்தேன். "உங்களுக்கு 9 பேப்பர் விலக்கு, மிச்சம் 4 தான்" என்றார்கள். முகாமைத்துவக் கணக்காளர் தகுதியான சீமாவிலும் விலக்கு உண்டாம். இலங்கைப் பட்டயக் கணக்காளர் தகுதியான சிஏ என்றால் ஒடிட் பயிற்சிக்காக வேலையை விட வேண்டிவரும். எந்தப் பக்கம் போகலாம்? தருகிற விலக்கையெல்லாம் எடுக்கலாமா?

தேன்நாடு:
தம்பி, யோசிக்காமல் 9ஐயும் எடுங்கள். பெயருக்குப் பின்னால் எழுத்து வந்தால் சரி, எந்த எழுத்து என்று யாரும் பார்ப்பதில்லை. ஏசிசிஏயும் சார்ட்டர்ட், சீமாவும் சார்ட்டர்ட். ஒன்றை முடித்தால் மற்றதில் விலக்கு வரும். ஏசிசிஏ முடித்தவர் ஒடிட் அறிக்கையிலும் கையெழுத்து வைக்கலாம். சீமாவில் கேஸ் ஸ்டடிக்குக்கூட விலக்கு உண்டு. என் மச்சான் முதல் நிலைக் கேஸ் ஸ்டடி எழுதவே இல்லை.

சம்மாந்துறைத் தங்கை:
அண்ணா, இந்த விலக்குக்கு எங்கே விண்ணப்பிப்பது? நான் இங்கே எச்என்டிஏ என்ற கணக்கியல் டிப்ளோமாவில் இரண்டாம் வருடம். வாப்பாவுக்கு வயல் மட்டும்தான். பரீட்சைக் கட்டணத்தில் இப்படி விலக்குத் தருவார்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

நெற்கணக்கு:
தங்கச்சி, இது கட்டண விலக்கு இல்லை. நீங்கள் ஏற்கனவே படித்த பாடத்தைத் திரும்ப எழுத வேண்டாம் என்று விடுவதுதான் விலக்கு. அதற்கும் பேப்பர் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு கட்ட வேண்டும். 9 விலக்கு என்றால் 9 தடவை கட்டணம். வகுப்பில் இதை முதல் நாளே சொல்வது குறைவு. உங்களுக்கு வேண்டியது உதவித்தொகை. அது வேறு விடயம், தனியாகக் கேளுங்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

வாவிக்கரைத் தம்பிக்கு: நான் அம்பாறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பொறுப்பு, சீமா வழியால் வந்தவன். 9 என்பது உங்களுக்கென்று யாரும் கணக்குப் பார்த்துச் சொன்ன எண் இல்லை. ஏசிசிஏயில் மொத்தம் 13 பேப்பர். முதல் நிலையில் 3, நடு நிலையில் 6, மேல் நிலையில் 4. மேல் நிலையில் யாருக்கும் விலக்கு இல்லை. ஆகவே ஒருவர் பெறக்கூடிய உச்சம் 9. அந்த உச்சத்தைத்தான் உங்கள் விலக்கு என்று சொல்லியிருக்கிறார்கள்.

உண்மையான எண் உங்கள் டிரான்ஸ்கிரிப்டில் இருக்கிறது. வணிகமாணி என்ற பட்டப் பெயர் மட்டும் போதாது. எந்தப் பாடத்தை எந்த ஆழத்தில் படித்தீர்கள், எந்த வருடம் பட்டம் பெற்றீர்கள் என்று பார்ப்பார்கள். முதலில் அவர்களுடைய தளத்தில் இருக்கும் விலக்குக் கணிப்பானில் நாடு, பல்கலைக்கழகம், பட்டம், வருடம் நான்கையும் கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் இல்லை என்றால் டிரான்ஸ்கிரிப்டோடு பாடத்திட்டத்தையும் அனுப்ப வேண்டும், அவர்கள் பாடம் பாடமாக ஒப்பிட்டு முடிவு சொல்வார்கள். பாடத்திட்டப் பிரதியை இப்போதே பீடத்தில் வாங்கி வையுங்கள். இரண்டு வருடத்தில் பாடத்திட்டம் மாறினால் பழையதைத் தேடி அலைய வேண்டிவரும்.

ஆரையம்பதி ஒடிட்:
தேன்நாடு அண்ணன் எழுதியதில் ஒன்றைத் திருத்தியே ஆக வேண்டும். இலங்கையில் கம்பனியொன்றின் கணக்காய்வாளராக இருக்க 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் உறுப்பினராக இருக்க வேண்டும். அதைவிட்டால் பதிவு செய்த கணக்காய்வாளர் என்று ஒரு வகை இருக்கிறது, அது எல்லாக் கம்பனிக்கும் செல்லாது. ஏசிசிஏ உறுப்புரிமையை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஒடிட் அறிக்கையில் கையெழுத்து வைக்க முடியாது. சீமாவுக்கும் அப்படியே. நாளைக்கு மட்டக்களப்பில் சொந்தமாக ஒரு ஒடிட் அலுவலகம் போட ஆசை என்றால் சிஏதான் வழி. 3 வருடப் பயிற்சியை எந்த விலக்கும் தீர்த்து வைக்காது. பேப்பருக்குத்தான் விலக்கு உண்டு, பயிற்சிக்கு இல்லை.

தேன்நாடு:
கையெழுத்து விடயம் எனக்குத் தெரியாமல் போனது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கேஸ் ஸ்டடி விடயம் பொய் இல்லை. மச்சான் நேரே இரண்டாம் நிலையில்தான் உட்கார்ந்தார்.

நெற்கணக்கு:
உங்கள் மச்சான் எம்பிஏ முடித்தவரா, அல்லது வேறு நிறுவனமொன்றில் ஏற்கனவே உறுப்பினரா? அப்படியானவர்களுக்கு இரண்டாம் நிலைக் கேஸ் ஸ்டடியில் இருந்து தொடங்க ஒரு வாசல் இருக்கிறது. அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி. சாதாரணப் பட்டதாரிக்கு வழமையான பரீட்சை வழியில் அது கிடைக்காது. சீமாவில் மூன்று நிலை, ஒவ்வொன்றிலும் மூன்று கணினிப் பரீட்சை, அவற்றின் மேல் ஒரு கேஸ் ஸ்டடி. பட்டத்தை வைத்துக் கீழே இருக்கும் சேர்ட்டிபிகேட் பேப்பர்கள் விலக்கில் போகலாம், முதல் நிலையின் மூன்று பரீட்சையில் சிலவும் போகலாம். அந்த நிலைக் கேஸ் ஸ்டடியை எழுதத்தான் வேண்டும். கடைசி நிலைக் கேஸ் ஸ்டடியை உங்கள் மச்சானும் எழுதியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

பொடியன்கள் விழுவது இந்தக் கேஸ் ஸ்டடியில்தான். அங்கே பாடம் பாடமாகக் கேள்வி வராது. ஒரு கம்பனியின் கதையைத் தந்து, அதற்குள் கிரயக் கணக்கு, நிதிக்கூற்று, நிர்வாகம் எல்லாம் கலந்து கேட்பார்கள். உங்களுக்கு முதல் நிலை முகாமைத்துவக் கணக்குப் பேப்பரான பி1 விலக்கு என்பதற்காகப் பி1இல் இருந்து கேட்காமல் விடுவதில்லை.

என் ஆலையில் இருந்தே ஒரு உதாரணம். ஆயிரம் கிலோ நெல், கிலோ 130 ரூபாய், மொத்தம் 1,30,000. நியமப்படி 650 கிலோ அரிசி வர வேண்டும். தவிட்டில் வரும் காசை இப்போதைக்கு விட்டால் அரிசி கிலோவுக்கு நெற்கிரயம் 200 ரூபாய். ஒரு நாள் 620 கிலோதான் வந்தது. 30 கிலோ குறைவு, 200ஆல் பெருக்கினால் 6,000 ரூபாய் பாதகமான விளைச்சல் வித்தியாசம். நாளுக்குப் பத்தாயிரம் கிலோ நெல் குத்தினால் 60,000. ஆண்டுக் கணக்கில் இந்தக் காசு தனியாகத் தெரியாது, விற்பனைக் கிரயத்துக்குள் கரைந்துவிடும். ஒடிட் செய்பவர் கணக்கு சரி என்று போவார், அது அவருடைய பிழை இல்லை, அவருடைய கேள்வி வேறு. முதலாளிக்கு வேண்டியது இந்த 6,000 எங்கே போனது என்ற பதில். நெல் ஈரமா, உமி நீக்கும் உருளை தேய்ந்துவிட்டதா, எடை போடுவதில் பிழையா? சிஏ போன்ற ஒடிட் வழிக்கும் சீமா போன்ற கிரய, முகாமைத்துவ வழிக்கும் இடையில் நான் காணும் வித்தியாசம் இவ்வளவுதான்.

போன வருடம் எங்களிடம் விண்ணப்பித்த ஒரு பட்டதாரிக்கு ஏசிசிஏ நடு நிலையில் பெர்போமன்ஸ் மனேஜ்மன்ட் என்ற கிரய, முகாமைத்துவப் பேப்பருக்கு விலக்கு. இதே கணக்கைக் கொடுத்தேன். 30ஐ 130ஆல் பெருக்கி 3,900 என்றார். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோவைவிடக் கூடுதலான நெல் போகிறது என்பது அவர் மனதில் வரவில்லை. கம்பஸில் அந்தப் பாடத்தில் பி எடுத்தவர்.

ஆரையம்பதி ஒடிட்:
ஒருவரை வைத்து விலக்கையே குறை சொல்ல முடியாது அண்ணா. எழுதித் தேறியவர்களிலும் மறந்தவர்கள் நிறைய. ஒடிட் செய்பவர் கிரயம் பார்ப்பதில்லை என்றதும் முழுக்கச் சரியில்லை. வருட முடிவில் ஆலையின் அரிசிக் கையிருப்புக்குப் பெறுமதி போட வேண்டும் என்றால் அந்த 200ஐ நாங்களும் தோண்டித்தான் பார்க்கிறோம். அசாதாரண விரயத்தைக் கையிருப்பின் கிரயத்தில் சேர்க்க விடுவதில்லை. உங்கள் 30 கிலோவில் எவ்வளவு வழமையான இழப்பு, எவ்வளவு அசாதாரணம் என்று நாங்கள் கேட்போம்.

நெற்கணக்கு:
அது உண்மை. வருடத்துக்கு ஒரு தடவை கேட்கிறீர்கள். எனக்குத் தினமும் பின்னேரம் தெரிய வேண்டும்.

வாவிக்கரை:
டிரான்ஸ்கிரிப்டை எடுத்துப் பார்த்தேன். நிதிக் கணக்கீடு நான்கு பாடம், வரி ஒன்று, ஒடிட் ஒன்று, கிரயமும் முகாமைத்துவமும் சேர்த்து ஒரே ஒரு பாடம். அதிலும் வித்தியாசக் கணக்கு கடைசி இரண்டு கிழமையில் ஓட்டமாக முடிந்தது. 200 ஏன் என்று எனக்கும் இரண்டு தடவை வாசித்த பிறகுதான் விளங்கியது. பெர்போமன்ஸ் மனேஜ்மன்ட்டுக்கு விலக்குத் தந்தாலும் வேண்டாம் என்று எழுதலாமா? இன்னொன்று, லீசிங் கிளையில் செய்யும் வேலை அனுபவமாகச் சேருமா?

நெற்கணக்கு:
எழுதலாம், விலக்கை எடுக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஏசிசிஏக்கு 36 மாத அனுபவம் வேண்டும், லீசிங் கம்பனி வேலை சேரும். ஆனால் தகுதி பெற்ற கணக்காளர் ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்து உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்க வேண்டும். கிளை முகாமையாளர் எவ்வளவு அனுபவசாலி என்றாலும் அவர் தகுதி பெற்ற கணக்காளர் இல்லை என்றால் அந்தக் கையெழுத்துச் செல்லாது. கிளையில் அப்படி யாரும் இல்லை என்றால் தலைமையகத்தில் ஒருவரை இப்போதே கேட்டு வையுங்கள். மூன்று வருடம் கழித்துத் தேடிப் போனால் உங்கள் வேலையை அறியாதவர் எப்படிக் கையெழுத்து வைப்பார்?

தேன்நாடு சொன்ன "ஒன்றை முடித்தால் மற்றதில் விலக்கு" பற்றியும் ஒரு சொல். முழுதாக முடித்து உறுப்பினரானால் அது ஓரளவு சரி. பாதியில் மாறினால் கதை வேறு. ஏசிசிஏ தந்த விலக்கை மற்ற நிறுவனம் நீங்கள் தேறிய பாடமாக எடுக்காது, திரும்பவும் உங்கள் பட்டத்தைத்தான் பார்க்கும்.

தேன்நாடு:
தம்பி, வேலைக்கும் போய்க்கொண்டு வீணாக ஒரு பேப்பரை எழுதுவதா? கணக்கு விளங்கவில்லை என்றால் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள், பரீட்சை எதற்கு?

ஆரையம்பதி ஒடிட்:
இதில் நானும் தேன்நாடு பக்கம். ஆறு மாதம் போகும். அதற்குள் மேல் நிலையில் ஒரு பேப்பரை முடித்துவிடலாம்.

நெற்கணக்கு:
பரீட்சைத் திகதி இல்லாமல் வேலைக்குப் போகிறவர் புத்தகத்தைத் திறப்பதை நான் கண்டதில்லை. மேல் நிலையில் இதன் தொடர்ச்சியான அட்வான்ஸ்ட் பெர்போமன்ஸை எடுக்கிற எண்ணம் இருந்தால் எழுதத்தான் வேண்டும் என்பேன். அதை எடுக்காமல் அட்வான்ஸ்ட் ஒடிட் பக்கம் போவதென்றால் விலக்கை எடுங்கள்.

சம்மாந்துறைத் தங்கை:
நெற்கணக்கு அண்ணா, எச்என்டிஏ முடிக்காமல் இப்போதே விலக்குக்கு எழுதினால் பார்ப்பார்களா?

நெற்கணக்கு:
முடித்த சான்றிதழை வைத்துத்தான் பார்ப்பார்கள் தங்கச்சி. அதுவரை ஒவ்வொரு வருடப் பாடத்திட்டத்தையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

வாவிக்கரை:
அட்வான்ஸ்ட் பெர்போமன்ஸா அட்வான்ஸ்ட் ஒடிட்டா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. திங்கள் வந்தாறுமூலைக்குப் போய்ப் பாடத்திட்டப் பிரதியைக் கேட்கிறேன். கணிப்பானில் என்ன வருகிறது என்று இங்கேயே போடுகிறேன்.